தாதிய உத்தியோகத்தர் வேலைவாய்ப்பும் நேர்முகத் தேர்வுப் புள்ளித்தாளும்

வேலைவாய்ப்பு

யாழ் நகரில் இயங்கும் எமது 40 கட்டில் தனியார் வைத்தியசாலையின் மருத்துவ விடுதிக்குத் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் தேவை.

மூன்றாண்டுத் தாதியர் டிப்ளோமா அல்லது தாதியர் பட்டம், இலங்கை தாதியர் சபைப் பதிவு ஆகிய இரண்டும் கட்டாயம். குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழுடன் வருவோரை உதவியாளர் பதவிக்கு மட்டுமே கருதுவோம். விடுதியில் ஓராண்டு அனுபவம் விரும்பத்தக்கது. சிங்களம் பேசத் தெரிந்தால் நல்லது; தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

மாத அடிப்படைச் சம்பளம் ரூபா 85,000. இரவுக் கடமைக்கும் மேலதிக நேரத்துக்கும் தனிக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் செலுத்துவோம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் எம்முடையது. மாதத்தில் ஏழெட்டு இரவுக் கடமைகள் வரும். முன்கூட்டியே சொல்வது இருவருக்கும் நல்லது.

விண்ணப்பத்தை மே 23 மாலை 4 மணிக்கு முன் வைத்தியசாலை நிர்வாகப் பிரிவில் நேரில் ஒப்படைக்கவும். மூலச் சான்றிதழ்களை நேர்முகத் தேர்வன்று காட்டினால் போதும். அவற்றை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.

புள்ளித்தாள் (தேர்வுக் குழுவுக்கு மட்டும், மொத்தம் 100)

முதலில் தாதியர் சபைப் பதிவைச் சரிபார்க்கவும். இதற்குப் புள்ளி இல்லை; பதிவு இல்லையேல் தேர்வும் இல்லை.

1. டெங்கு நோயாளி (35)
வாசித்துக் காட்டவும்: “26 வயது ஆண். ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது. அதிகாலை 2 மணிக்கு இரத்த அழுத்தம் 100/85, நாடி 118, கைகால் குளிர்ந்திருக்கின்றன. சுகமாக இருப்பதாகச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?”
இரு அழுத்தங்களுக்கும் இடைவெளி 15 மட்டுமே, இது அதிர்ச்சி நிலை என அறிந்தால் 12. வைத்தியரை உடனே அழைப்பதாகச் சொன்னால் 13. சிறுநீர் அளவு, ஹீமாட்டோகிரிட், அடுத்தடுத்த அளவீடுகள் பற்றிச் சொன்னால் 10. “காலை வரை பார்ப்பேன்” என்ற விடைக்கு இப்பகுதி முழுவதும் 0.

2. துளிக் கணக்கு (20)
500 மில்லிலீற்றர் சேலைன் 4 மணித்தியாலத்தில் ஏற வேண்டும். மில்லிலீற்றருக்கு 20 துளி. விடை: நிமிடத்துக்கு ஏறத்தாழ 42. கணிப்பான் பாவிக்கலாம். வழி சரி, விடை பிழை என்றால் 10.

3. பயிற்சிக் கையில் கனூலா (20)
கை கழுவுதல் 6, நோயாளியின் பெயரைக் கேட்டுறுதி செய்தல் 4, ஊசி ஏற்றும் முறை 6, ஊசியைக் கூர்ப்பொருள் பெட்டியில் போடுதல் 4. பதற்றத்தில் கை நடுங்கினால் குறைக்க வேண்டாம்.

4. உறவினருடன் பேச்சு (15)
மேற்றன், அதே நோயாளியின் தாயாக நடிப்பார்: “மகனுக்கு உடம்பு நோகிறது, டைக்ளோஃபெனாக் போடுங்கள், சிஸ்டர்.” டெங்கில் அது இரத்தக்கசிவைக் கூட்டும் என்று, “அம்மா” என அழைத்துப் பொறுமையாக விளக்க வேண்டும். மறுப்புக்கு 8, விளக்கத்துக்கு 7.

5. கடமை ஒப்படைப்பு (10)
அதே நோயாளியை ஒரு நிமிடத்தில் அடுத்த தாதியிடம் ஒப்படைக்கட்டும்.

திருமணம், பிள்ளைகள், வெளிநாட்டுத் திட்டம் பற்றிக் கேட்க வேண்டாம். வெளிநாடு போகப் போகிறவர் அதை நம்மிடம் சொல்லப்போவதும் இல்லை.

குழுவினர் தனித்தனியே புள்ளியிட்ட பின்னரே கலந்து பேசவும். நியமனத்துக்கு 65 புள்ளி வேண்டும். முதற்பகுதியில் 20க்குக் கீழ் எடுத்தவர், மொத்தம் எவ்வளவாயினும், தெரிவாகமாட்டார். இருவர் சமமானால் ஒப்படைப்புப் புள்ளி தீர்மானிக்கும்.