501-வது யூனிட்

மின் அட்டையில் 640 யூனிட் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 3,110 ரூபாய். அதற்கு மேல் வரியில், ஏப்ரலில் எழுதியது 495 ரூபாய்.

2023 ஜூன் முதல் வாரம். ஆபீஸ் முடிந்து அம்பத்தூர் வீட்டுப் படியேறி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையோடு கலைக்கா அறை வாசலில் போய் நின்றேன். அவள் நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சீருடைக்கு மேல் தலை பின்னி முடித்து, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்திருந்தாள்.

"ஆளுக்கு 1,555. ஜிபேல போட்டுடட்டுமா?" என்றாள், அட்டையைப் பார்த்துவிட்டு.

"எதுக்கு நான் பாதி தரணும்? என் ரூம்ல ஒரு ஃபேன்தான் ஓடுது. பகல் முழுக்க ஏ.சி. போட்டுத் தூங்குறது நீங்க."

அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். நான் அவளை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. அக்கா என்று கூப்பிட்டாலும் நீ, வா, போதான்.

"உன் இண்டக்‌ஷன் அடுப்பு காத்துல ஓடுதா?"

"அதுல செய்ற சாம்பாரைத்தானே காலையில வந்து சாப்பிடுறீங்க?"

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை அடுப்பு மேல் நான் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு, சாயங்காலம் வந்து பார்த்தபோது அப்படியே இருந்தது. அந்த வாரம் முழுக்க அதே கதை. ஏ.சி.யும் ஓடவில்லை. ஏப்ரலில் தன் சம்பளத்தில் அவள் வாங்கி மாட்டிய பழைய ஏ.சி. அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஹாலில், பாத்ரூம் பக்கத்துத் தரையில், ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்திருக்கிறாள்; நைட்டியின் ஓரம் நனைந்திருந்தது. தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. அன்று ராத்திரியும் அவளுக்கு ஐ.சி.யூ. டியூட்டி.

அவள் அறைக்குள் போனேன். இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி, மேற்குப் பார்த்த சுவர். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். இட்லிக் குண்டான் மூடியைத் தொட்ட மாதிரி சட்டென்று எடுத்துவிட்டேன். என் அறைக்குக் கிழக்கே ஜன்னல், வெளியே வேப்பமரம். அவளுக்கு மூன்று மாதம் முன்னாடி குடிவந்தவள் என்பதால் அந்த அறை எனக்குக் கிடைத்தது. வாடகை 14,000-த்தில் ஆளுக்குப் பாதி.

ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிற எனக்கு இந்தக் கணக்கு ஏன் கண்ணில் படவில்லை?

"கலைக்கா, எந்திரி. கணக்கு பார்ப்போம்."

துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள். 'எந்திரி' என்றதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

முதலில் அளந்தோம். ஃபிரிட்ஜ், ஃபேன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ.சி.யை மட்டும் ஒரு மணி நேரம் ஓட விட்டோம். கீழே மாடிப்படி அடியில் இருக்கும் மீட்டரை, ஓட விடுவதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்தாள். 1.1 யூனிட். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், அவள் ஊருக்குப் போன நாள் கழித்து ஐம்பது நாள்: 330 யூனிட். மீதி 310 இரண்டு பேருக்கும் பொது.

"அப்போ ஏ.சி. இல்லன்னா 310 யூனிட்டுக்கு 720 ரூபாதான் வந்திருக்கும். ஆளுக்கு 360" என்றேன். "மிச்சம் 2,390 ஏ.சி. கணக்கு."

"அது எப்படி? முதல் 100 யூனிட் இலவசம். அடுத்தது கம்மி ரேட்டு. அதெல்லாம் பொதுவுக்கு, காஸ்ட்லி யூனிட்டெல்லாம் எனக்கா?"

"கடைசியா வந்தது ஏ.சி.தானே?"

"மீட்டர்ல எல்லாம் கலந்துதான் ஓடுது. எது முதல் யூனிட், எது கடைசி யூனிட்னு அதுல எழுதியா இருக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதைய கட்டண அட்டவணையைத் தாளில் எழுதிப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை போனால் 1,725 ரூபாய். 501 ஆனால் அட்டவணையே மாறுகிறது: 101 முதல் 200 வரை 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிடும். அதில் 225 போச்சு. அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் தனி. ஆகமொத்தம் 501-வது யூனிட் மட்டும் 233 ரூபாய்! கலைக்கா அந்த எண்ணை இரண்டு தடவை வட்டமிட்டாள். அந்த யூனிட் அவள் தூக்கத்திலும் போயிருக்கலாம், என் சாம்பாரிலும் போயிருக்கலாம்.

அப்புறம் என் ஆபீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதினோம்:

"மின் கட்டணம் பற்றி ரம்யாவும் கலைச்செல்வியும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. 11.6.2023.

மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியே எல்லா யூனிட்டுக்கும் விலை. இலவச யூனிட்டின் லாபமும், 500-ஐத் தாண்டுவதால் வரும் நஷ்டமும் அதிலேயே அடங்கும். ஏ.சி. யூனிட் கலைச்செல்வி கணக்கு. ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின், விளக்கு, ஃபேன் எல்லாம் சரிபாதி. இந்த பில்லில் கலைச்செல்வி 2,357, ரம்யா 753.

ஏ.சி.க்குத் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டுவது; செலவு பாதிப் பாதி. ஞாயிறுதோறும் இரண்டு மீட்டரையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வது. 400-ஐத் தாண்டினால் யார் முதலில் பார்த்தாலும் அடுத்தவரிடம் சொல்வது.

மேற்கு அறை வெயில் அறை. அதனால் ஜூலை முதல் வாடகை: ரம்யா 7,300, கலைச்செல்வி 6,700.

எந்த அறைக்காவது ஆள் மாறினால், கோடை முடிந்தால், அல்லது யாருக்காவது இது சரியில்லை என்று பட்டால், பில் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுவது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது."

கடைசி வரி நான் சொல்லி அவள் எழுதியது. வாடகை வரியை நான் எழுதும்போது அவள் பேனாவைப் பிடித்துத் தடுத்தாள். "வேண்டாம்டி, அதெல்லாம் கேக்கல நான்."

"சுவத்தைத் தொட்டுப் பார்த்தேன்" என்றேன்.

கையை எடுத்துவிட்டாள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். தாளைக் கிழித்து, மெயின் சுவிட்ச் பக்கத்து ஆணியில் மின் அட்டையோடு சேர்த்து மாட்டினேன். டியூட்டிக்குக் கிளம்பும்போது அடுப்படியில் நின்றபடியே மதியச் சாம்பாரை ஊற்றி ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள்.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் ஒரு வெட்டிவேர் தட்டி வாங்கி மேற்கு ஜன்னலில் கட்டினேன். இது ஒப்பந்தத்தில் இல்லை. அவள் வந்து சேர எட்டரை ஆகும். நான் எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டியில் மெல்ல ஊற்றுவேன். அறை முழுக்க அந்த வாசனை எழுந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்குவேன்.