மாடுலர் கிச்சன் கொட்டேஷன் – வரி உட்பட மொத்தம் ரூ.1,73,460

கொட்டேஷன் எண்: 47
தேதி: 12.01.2026
இடம்: ஸ்ரீரங்கம், இரண்டாம் மாடி ஃபிளாட், சமையலறை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை அளவெடுக்க வந்தபோது "சுமார் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் ஆகும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். நீங்களும் அதைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டீர்கள். அது வரி சேர்க்காத தொகை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், என் தவறுதான். காலண்டரில் உள்ளதை அடித்துவிட்டு 1,73,460 என்று எழுதிக்கொள்ளுங்கள். அளவும் வரி விகிதமும் மாறாவிட்டால், வேலை முடிந்து பில் வரும்போது இந்தத் தொகைதான் இருக்கும்.

வேலை விவரம் (கீழே உள்ள விலைகள் எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காதவை):

கீழ் கப்போர்டு, 18 எம்.எம். 710 கிரேடு பிளைவுட், லேமினேட்டுடன்: 42 சதுர அடி × 1,450 = 60,900
மேல் கப்போர்டு, அதே பிளைவுட்: 36 சதுர அடி × 1,250 = 45,000
பரண் கதவுகள்: 30 சதுர அடி × 650 = 19,500
டேண்டம் டிராயர்: 3 × 4,200 = 12,600
கைப்பிடி: 20 × 150 = 3,000
வண்டி வாடகை, மாடிக்கு ஏற்றுகூலி, பொருத்துகூலி: 6,000

கூட்டுத்தொகை: ரூ.1,47,000
மத்திய ஜிஎஸ்டி 9%: ரூ.13,230
மாநில ஜிஎஸ்டி 9%: ரூ.13,230
செலுத்த வேண்டிய மொத்தம்: ரூ.1,73,460

ஒன்பது, ஒன்பது என்று இரண்டு வரி தெரிவதால் வரி இரண்டு தடவை போட்டதாக நினைக்க வேண்டாம். 18 சதவீதம்தான்; பட்டறையும் வீடும் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் அது பாதிப் பாதியாகப் பிரிகிறது. கீல், ஸ்க்ரூ, பசை எல்லாம் சதுர அடி விலையிலேயே அடக்கம். பொருத்துகூலிக்கும் வரி உண்டு, அதனால்தான் அதையும் கூட்டுத்தொகைக்குள் கொண்டுவந்திருக்கிறேன்.

கைப்பிடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் நீங்கள் பார்த்த ஸ்டிக்கரில் 177 ரூபாய், இங்கே 150. குறைத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஏற்றும் வேலை இல்லை. கடை ஸ்டிக்கர் விலைக்குள் வரி அடங்கியிருக்கிறது. என் 150-க்கு 18 சதவீதம், அதாவது 27 ரூபாய், சேர்த்தால் அதே 177. சிம்னி இந்தக் கொட்டேஷனில் இல்லை. அதை நீங்களே வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் கடைக்காரர் ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்க வேண்டாம். அதை மாட்டித் தருவதற்கு நான் தனியாக வாங்கமாட்டேன்.

பலகை மாட்டிய பிறகு ஒருமுறை அளப்போம். இப்போது எழுதியதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவுக்கே பில். வரியோடு கணக்குப் பார்த்தால் கீழ் கப்போர்டு சதுர அடிக்கு 1,711, மேல் கப்போர்டு 1,475, பரண் 767. இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொண்டால் நடுவில் "இன்னும் ஒரு தட்டு வைக்கலாமே" என்று தோன்றும்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

பணம் கட்டுவது: முன்பணம் 69,384, பலகை வந்து இறங்கியதும் 69,384, வேலை முடிந்து சரிபார்த்த பிறகு 34,692. மூன்றும் வரி உட்பட்ட தொகை; கடைசியில் வரி என்று தனியாக எதுவும் கேட்கமாட்டேன். முன்பணத்துக்கான வரியும் ரசீதிலேயே காட்டப்பட்டிருக்கும்.

பில் போடுவதற்குள் அரசு வரி விகிதத்தை மாற்றினால் அன்றைய விகிதம்தான் செல்லும். 2025 செப்டம்பரில் சிமெண்ட் வரி 28-லிருந்து 18 ஆனதைப் பார்த்தோமே, அதுபோல. குறைந்தால் அந்த லாபம் உங்களுக்கு; கூடினால் கூடுதல் வரி மட்டும். வரி மாறுவதால் என் 1,47,000 மாறாது.

பில் இல்லாமல் செய்தால் வரி மிச்சமாகுமே என்று உங்கள் தம்பி கேட்டார். அப்படிச் செய்வதில்லை. நாளைக்கு டிராயர் சிக்கினாலோ பலகை உப்பினாலோ நீங்கள் என்னிடம் காட்ட வேண்டியது அந்த பில்லைத்தான். மகன் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடலாமா என்றும் கேட்டார். குடியிருக்கும் வீட்டு வேலைக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, வேண்டாம்.

கிரானைட், குழாய், மின்சார வேலைகள் இதில் சேரவில்லை. இந்த விலை 27.01.2026 வரை செல்லும். சம்மதம் என்றால் கீழே கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும். மறுநாளே பலகைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்
மரவேலை மற்றும் மாடுலர் கிச்சன் பட்டறை, திருவெறும்பூர்