மூன்று நிமிடம்

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு பத்து மணிக்குப் புறப்பட்ட தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பேசின் பாலத்தைத் தாண்டியபோது, எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் மிக மெல்லிய குரலில் "ஹலோ" என்றார். யாருடனோ அலைபேசியில் பேசுகிறார் என்று நினைத்து நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நேரில் இருப்பவரிடம் நம் ஊரில் யார் ஹலோ சொல்கிறார்கள்? சற்று நேரம் கழித்து அவர் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, முழங்காலை இரண்டு முறை நீவிவிட்டு, நடுப் படுக்கைக்குச் சிரமப்பட்டு ஏறினார். கீழ்ப் படுக்கை என்னுடையது.

காலையில் வாரங்கல் தாண்டித் தேநீர் குடிக்கும்போதுதான் அவரிடம் அலைபேசியே இல்லை என்பதைக் கவனித்தேன்.

"ஐயா, நேற்று ராத்திரி ஹலோ என்றது என்னையா?"

"ஆமாம்மா. கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். நீங்கள் திரும்பவில்லை. தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டேன்."

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. அவரோ சிரித்தார். திருநெல்வேலி தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவராம். ஒரு நாளைக்கு நூறு முறையாவது முன்பின் தெரியாதவர்களிடம் ஹலோ சொல்லியிருக்கிறாராம். ஆனால் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல மட்டும் இன்றுவரை நாக்கு எழுவதில்லையாம்.

ராமகுண்டத்துக்கு அப்பால் கோதாவரிப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது பலரும் காசு எறிந்தார்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சாதாரணக் கால் பதிவு செய்தவர்கள் அரை நாள் காத்திருந்ததையும், பணமுள்ளவர்கள் அர்ஜண்ட், லைட்னிங் என்று முந்தியதையும், மகன் இறந்த செய்தியை ஒரு தாய்க்குச் சொல்லத் தொடங்கியவர் வார்த்தை வராமல் நின்றபோது, ஓர் அழைப்புக்குரிய மூன்று நிமிடம் முடிந்தும் நீட்டிக்கட்டுமா என்று கேட்காமல், இணைப்பைத் துண்டிக்காமல் தாம் கடிகாரத்தை வெறித்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். அந்தக் கூடுதல் நிமிடங்களுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நாக்பூருக்குப் பின் என் படுக்கையில் அவரைப் படுக்கவைத்தேன். மறுப்பதுபோல் ஏதோ முனகினாரே தவிர, இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கினார்.

போபாலில் மகள் வீட்டுக்காக இறங்கினார். பையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, மீண்டும் என் சன்னலருகே வந்து கம்பியைத் தட்டினார்.

"ஹலோ," என்றார். இம்முறை குரல் கணீரென்று இருந்தது. "மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. நீட்டிக்கட்டுமா?"

"நீட்டியுங்கள் ஐயா," என்றேன். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அவர் சன்னல் கம்பியை விடாமல், வலிக்கும் முழங்காலோடு, நடைமேடையில் கூடவே நாலடி நடந்து வந்தார்.