உதவித்தொகைத் தேர்வு: புதிய கணினி மதிப்பீட்டு முறை

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கு,

வணக்கம். இவ்வாண்டு முதல் விண்ணப்பங்களுக்குக் கணினியே முதல் மதிப்பெண் இடும்: குடும்ப வருமானத்துக்கு 45, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு (600-க்கு) 35, முதல் பட்டதாரிக்கு 20. மொத்தம் 60-ம் அதற்கு மேலும் பெறுபவர் தகுதிப் பட்டியலில் வருவார்.

கணினி யாரையும் நிராகரிக்காது. 60-க்குக் கீழ் உள்ள ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உறுப்பினர் இருவர் படித்த பிறகே முடிவு.

எங்கள் சோதனையில் அதிகம் சிக்கியது இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் 'க. செல்வி', வருமானச் சான்றில் 'செல்வி க' என்றிருந்தால் கணினி இருவராக எண்ணி, வருமானத்துக்குச் சுழியம் இடுகிறது. அனுப்புமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு வேலை பாதித் தகராறைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு முடிவுக்கும் பதிவேட்டில் விண்ணப்ப எண், பிரிவுவாரி மதிப்பெண், அன்று நடப்பிலிருந்த விதிப் பதிப்பு, பார்த்த சான்றுகள், உறுப்பினர் கையொப்பம், தேதி இருக்கும். கணினி மதிப்பெண்ணை மாற்றினால் பழைய எண் அழிக்கப்படாது. காரணம் பக்கத்தில் எழுதப்படும். 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல் காரணமாகாது.

மாணவர் தம் பதிவின் நகலை 15 நாட்களுக்குள் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். முதல் முடிவெடுத்தவர்கள் அதை விசாரிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
உதவித்தொகைத் தேர்வுக் குழு, மதுரை