வெறும் ஹலோ

அக்காவிடமிருந்து அந்தச் செய்தி வந்தபோது மணி 12.07. எனக்கு நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அம்மா என்னைக் காலால் உதைத்து எழுப்பி, திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னாடா?"

ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. ஹலோ. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

"ஹலோன்னு போட்டிருக்கு."

"அது எனக்கும் தெரியும். ஹலோன்னா என்னா?"

கேள்வி நியாயமானதுதான். அக்கா அம்மாவிடம் ஹலோ சொல்கிற ஆள் இல்லை. அவள் செய்தி எப்போதும் "மா" என்று தொடங்கும். பிறகு கேண்டீன் கோழியில் உப்பில்லை, காய வைத்த துணியில் ஒரு காலுறை காணோம், லிஃப்டு மறுபடியும் கெட்டுவிட்டது என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகக் கொட்டும். அம்மா எழுத்துக் கூட்டி முதல் துண்டைப் படித்து முடிப்பதற்குள் கடைசித் துண்டு வந்துவிடும். அப்படிப்பட்டவள் ஹலோ என்றால், தவுக்கேயிடம் பேசுகிற மாதிரி அம்மாவிடம் பேசுகிறாள் என்றுதானே ஆகிறது?

அக்கா அப்போது கோத்தா கினபாலுவில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அப்பா சுவரில் தொங்கிய மலேசிய வரைபடத்தில் விரலால் அளந்து பார்த்தார். சுங்கை சிப்புட்டில் கட்டை விரலை வைத்தால் சுண்டு விரல் சபாவைத் தொடவில்லை. நடுவில் கடல். ஜொகூர் என்றாலாவது ஈப்போவுக்குப் போய் ராத்திரி பஸ் பிடிக்கலாம். சபாவுக்குக் கோலாலம்பூர் போய் விமானம் ஏற வேண்டும், அதுவே இரண்டரை மணி நேரம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அம்மா, "சரி, தீபாவளிக்கு வந்தா போதும்" என்றார். போதும் என்று அவருக்கே தோன்றவில்லை என்பது அடுத்த மாதமே தெரிந்தது. கைப்பேசியின் சத்தத்தை முழுசாக ஏற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

அம்மா தூங்கும் நேரமோ கொஞ்சம்தான். ஊருக்கு வெளியே ஒரு சீனத் தவுக்கேயின் நாலு ஏக்கர் ரப்பரை அம்மா பாதிப் பங்குக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐந்தரைக்கு முதல் நிரையில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வராது. அதனால் எட்டரைக்கெல்லாம் வீடு இருட்டாகிவிடும். பன்னிரண்டு மணி என்பது எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத நேரம். அப்பா லோரியில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

எனக்கு அப்போது வயது பதினாறு. பதினாறு வயதில் தெரியாதது என்ன இருக்கிறது? அதற்கு முந்தின வாரம்தான் பள்ளி சபைகூடலில் ஒரு போலீஸ்காரர் வந்து ஏமாற்றுக்காரர்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். ஒருவருடைய புலனத்தைக் கைப்பற்றுவான். அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரில் ஹலோ போடுவான். பதில் வந்தால் நலம் விசாரிப்பான். அப்புறம், ஆறு இலக்க எண் ஒன்று தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பி வையுங்கள் என்பான். அனுப்பினால் உங்கள் கணக்கும் அவன் கையில். பக்கத்து வீட்டுப் பார்வதி அத்தை இப்படித்தான் தன் தங்கை என்று நினைத்து 1,800 வெள்ளியைத் தொலைத்தார். அத்தைக்கும் முதலில் வந்தது வெறும் ஹலோதான்.

"மா, இது அக்கா இல்ல" என்றேன். "எவனோ அவ நம்பரைப் பிடிச்சிட்டான். பதில் போடாத. காசு கீசு கேட்டா 997க்கு அடிப்போம்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இல்லன்னா அவ எங்கடா?"

"தூங்கிட்டு இருப்பா."

"தூங்கிட்டு இருந்தா பேருக்குக் கீழ இப்ப இருக்கான்னு காட்டுது?"

"அதாம்மா, அவன் இருக்கான்."

இதற்குள் திரையின் மேலே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. செய்தி எதுவும் வரவில்லை. "யோசிச்சு யோசிச்சு எழுதுறான் பாரு" என்றேன். எங்கள் ஊருக்குச் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு: 1948 ஜூன் 16, மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அதற்குப் பிறகு ஊரில் நடக்கும் முதல் பெரிய குற்றத்தை நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அம்மா அழைப்புப் பொத்தானை அழுத்தினார். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"பாத்தியா? எடுத்தா குரல் தெரிஞ்சிடும். அதான் எடுக்க மாட்றான்."

அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. தீபாவளிக்கு வந்தபோது அக்காவே சொன்னாள். நீண்ட வார விடுமுறை, அறையில் இருந்த மூன்று பேரும் தவாவ், சண்டாக்கான் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடி முழுக்க அவள் ஒருத்தி. "நான் வந்துடுறேன்மா, படிப்பு வேணாம்" என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்திருக்கிறாள். மணியைக் கேட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் குரல் தெரிந்துவிடும்.

"சரி, அது என்னா ஹலோ?" என்று அப்போது கேட்டேன்.

"மான்னு போட்டா அப்புறம் ஏதாவது சொல்லியே ஆகணும்டா. ஹலோன்னா, வேற ஆளுக்குப் போட்டது தப்பா வந்துடுச்சு மா, நீ தூங்குன்னு சொல்லிக்கலாம்."

அன்று ராத்திரிக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான் எண்ணைத் தடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அம்மா கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எவனோவா இருந்தாக்கூட, இந்நேரத்துல முழிச்சுக்கிட்டு ஹலோங்கிறானே, அவனுக்கு என்னா கஷ்டமோ."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் எப்படித் துப்புத் துலக்குவது? "அப்படின்னா ஒரு கேள்வி கேளு" என்றேன். "அக்காவுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி. ஐ.சி. நம்பர், பிறந்த தேதி எல்லாம் வேணாம். அதெல்லாம் அவன் கண்டுபிடிச்சிருப்பான்."

அம்மா யோசித்தார். பிறகு ஒற்றை விரலால் தமிழில் தட்ட ஆரம்பித்தார். உளி பிடித்துக் காய்த்த விரல். திரை சில சமயம் அந்தத் தொடுதலைக் கண்டுகொள்ளாது. ஒரே எழுத்தை மூன்று முறை குத்த வேண்டும். "தா, நான் அடிக்கிறேன்" என்றதற்குத் தரவில்லை. ஐந்து வார்த்தைக்கு மூன்று நிமிடம் ஆனது.

நம்ம வீட்டுக்குப் பின்னால என்ன மரம்

அனுப்பிவிட்டு இருவரும் காத்திருந்தோம். வெளியே லேசாகத் தூறல் விழுந்தது. தகரக் கூரையில் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்டது.

முதலில் ஒரே வார்த்தைதான் வந்தது. ரம்புத்தான்.

"எல்லார் வீட்டுலயும் ரம்புத்தான் இருக்கும்" என்றேன் நான், விடாமல்.

அடுத்து வந்தது: ஆண் மரம். ஒரு காய்கூட காய்ச்சதில்ல. வருஷா வருஷம் வெட்டணும் வெட்டணும்னு சொல்லுவ. பூ வந்ததும் தேனீ வருது பாவம்னு விட்டுடுவ.

அதற்கும் அடுத்து: தம்பி அதுல ஏறி விழுந்து பல்லை உடைச்சிக்கிட்டான். அழக்கூடாதுன்னு நீ அவனுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்த. எனக்கு வாங்கிக் குடுக்கல.

அம்மா அதைச் சத்தமாகப் படித்தார். "எனக்கு வாங்கிக் குடுக்கல" என்பதை மட்டும் இரண்டு முறை படித்தார். பத்து வருஷத்துக் கணக்கு. எந்த ஏமாற்றுக்காரனிடமும் இருக்க முடியாது. நான் பாயில் சரிந்து படுத்துக்கொண்டேன்.

ஏன்மா கேக்குற? என்று வந்தது.

சும்மா, என்று தட்டினார் அம்மா. பிறகு, நீ ஏன் ஹலோ போட்ட?

சும்மாதான்மா.

அம்மா மறுபடி அழைத்தார். இந்த முறை இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். ஆனால் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், இந்தப் பக்கம் மழை. மழை இப்போது கூரை முழுவதையும் பிடித்துக்கொண்டது.

"அங்க மழையாம்மா?" மூக்கடைத்த குரல்.

"ஆமா."

"அப்ப நாளைக்கு வெட்டு இல்லையா?"

"இல்ல. பட்டை ஈரமா இருக்கும். பொழுதுக்கும் தூங்கலாம்."

வெட்டு இல்லை என்றால் அன்றைக்குக் காசு இல்லை. மாசத்தில் இது நாலாவது மழை நாள். முந்தின மூன்றுக்கும் அம்மா வாசலில் நின்று வானத்தைத் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். அன்று மட்டும், ஏதோ கம்பெனிக்காரர் லீவு கொடுத்த மாதிரி சொன்னார்.

அழுதாயா, என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அம்மா பார்வதி அத்தை வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னார். ஐந்து குட்டி, ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை. கட்டிப்பால் விலை பத்து காசு இறங்கிவிட்டதைச் சொன்னார். யாரோ மங்குகளைத் திருடிக்கொண்டு போகிறார்கள், பாலைத் திருடினாலும் அர்த்தம் இருக்கிறது, காலி மங்கை வைத்து என்ன செய்வான் என்று கேட்டார். அக்கா சிரித்தாள் என்று நினைக்கிறேன். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது வெளியே இன்னும் இருட்டு. மழை விட்டிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கைப்பேசி சார்ஜர் வயரோடு மடியில். அப்போதுதான் ஒரு படம் வந்தது. விடுதி மாடியிலிருந்து எடுத்தது. கட்டடத்துக்கு மேலே வானம் வெள்ளையாக விரிந்திருந்தது. மணி 6.20. கடிகாரம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான், 1982 முதல் அப்படித்தான். சூரியன் மட்டும் அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி வந்துவிடும்.

"அங்க விடிஞ்சிடுச்சாம்டா" என்றார் அம்மா. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை பேசாமல் நின்றவர், "உன் போன்ல அந்தக் காசு அனுப்புறது இருக்குல்ல? அவளுக்கு ஒரு அம்பது வெள்ளி போடு. அப்பா வந்ததும் உனக்குத் தரச் சொல்றேன்" என்றார்.

"பாத்தியா? ஹலோன்னு ஆரம்பிச்சு கடைசியில காசுல வந்து நிக்குது."

"அவ எங்கடா கேட்டா?"

வங்கிச் செயலியைத் திறந்து எண்ணைப் போட்டேன். எதற்காக அனுப்புகிறோம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் விடாது.

"எதுக்குன்னு எழுதணும்மா. என்னா போட?"

அம்மா கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சும்மான்னு போடு."