அரை மூட்டை மைதா, 87 பிரெட்: ஒரு ஈட்டின் அடக்க விலை

தம்பி,

பரமக்குடி ஹோட்டல்காரர் நாள்தோறும் 40 பிரெட் கேட்கிறார், ஒன்றுக்கு 28 ரூபாய் தருகிறார் என்றாய். பதில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார். சனிக்கிழமை ஈட்டை முழுக்க உடனிருந்து எடை போட்டு எழுதியது.

மாவு: மைதா 25 கிலோ, தண்ணீர் 14.5 லிட்டர், சர்க்கரை 1.5 கிலோ, ஈஸ்ட் 250 கிராம், வனஸ்பதி 500 கிராம், உப்பு 450 கிராம், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் கால்சியம் புரோபியோனேட் 75 கிராம். மொத்தம் ஏறத்தாழ 42.3 கிலோ. மிக்சரில் ஒட்டியதும் மேசையில் சிந்தியதும் போக 41.6 கிலோ கிடைத்தது. டின்னுக்கு 460 கிராம் என்று வெட்டி 90 பிரெட். வெந்து ஆறியதும் 400 கிராம் நிற்கிறது. கவரில் அச்சடித்திருக்கும் எடை அதுதான், அதில் கை வைக்கக் கூடாது.

| செலவு | விவரம் | ஈட்டுக்கு (ரூ.) | ஒரு பிரெட்டுக்கு (ரூ.) |
|---|---|---|---|
| மைதா | மூட்டை 1,950, இறக்கு கூலி 20. அதில் பாதி | 985 | 11.32 |
| ஈஸ்ட் | 500 கிராம் பாக்கெட் 220 | 110 | 1.26 |
| சர்க்கரை | கிலோ 44 | 66 | 0.76 |
| வனஸ்பதி, உப்பு, மருந்து | 75 + 9 + 18 | 102 | 1.17 |
| விறகு | 60 கிலோ × 6 = 360; முக்கால் பங்கு | 270 | 3.10 |
| மின்சாரம் | 2 யூனிட் | 18 | 0.21 |
| கவர், டேப் | 90 கவர் | 140 | 1.61 |
| கூலி | கீழே | 700 | 8.05 |
| மொத்தம் | | 2,391 | 27.48 |

கடைசிப் பத்தியை 90-ஆல் வகுக்கவில்லை, 87-ஆல் வகுத்தேன். மூன்று பிரெட் விற்கிற நிலையில் இல்லை: ஒன்று அடுப்பின் மூலையில் கருகியது, இரண்டு ஸ்லைஸ் போடும்போது உடைந்தன. 90-ஆல் வகுத்தால் 26.57 என்று வரும். நீ இதுவரை மனதில் வைத்திருந்த விலை அதுதான்.

மைதாவைக் கேட்டு நாம் பயப்படுகிறோம். மூட்டைக்கு 100 ரூபாய் ஏறினால் பிரெட்டுக்கு 57 காசுதான் கூடும். அதைவிட, மாஸ்டர் கைக்கணக்கில் 475 கிராம் வெட்டிவிட்டால் அதே மாவில் 87 டின்தான் நிரம்பும்; மூன்று பிரெட் காணாமல் போய்விடும். தராசு மேசைமேல் இருக்கட்டும்.

விறகு சீமைக் கருவேலம், காய்ந்தது. தணலை வாரிவிட்டு மாஸ்டர் அடுப்புத் தரையில் ஒரு பிடி மைதாவைத் தூவினார். முதல் முறை உடனே கருகியது. சற்றுப் பொறுத்துத் தூவியபோது மெல்லச் சிவந்தது, அப்போதுதான் டின்களை உள்ளே தள்ளினார். பிரெட் இறங்கிய பிறகு மிஞ்சும் சூட்டில் பன்னும் ரஸ்க்கும் போவதால், விறகில் கால் பங்கை அவற்றின்மேல் வைத்தேன். மழைக்காலத்தில் இந்த 60 கிலோ போதாது. ஈர விறகில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

கவர் கிலோ 220, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பிரெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் கவருக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை, அதுவும் செலவுதான். கிலோவுக்கு 180 கவர், ஒன்று 1.44. பிரெட் 87 என்றாலும், பொதியும்போது கிழிந்தவற்றையும் சேர்த்து 90 கவர் போட்டிருக்கிறேன்.

கூலியை 8 மணி நேரச் சம்பளத்திலிருந்து மணிக்கணக்கில் பிரித்தேன். மாஸ்டர் மணிக்கு 120, 3 மணி நேரம். உதவியாளர் மணிக்கு 80, அவரும் 3 மணி நேரம். பொதிகிற அக்காவுக்கு மணிக்கு 50, 2 மணி நேரம். மாவு பொங்கும் நேரத்தில் மாஸ்டர் பன் உருட்டுகிறார், அதை இதில் சேர்க்கவில்லை. மாஸ்டர் லீவு போட்டு நீ அடுப்படியில் நின்றாலும் அந்த 360 ரூபாயை எழுது. உன் உழைப்பைச் சும்மா விட்டுவிட்டுப் பார்க்கிற லாபம் லாபமே இல்லை.

இனி ஹோட்டல். 27.48-க்கு ஆகி 28-க்குப் போனால் 52 காசு நிற்கிறது என்று தோன்றும். கடை வாடகை நாளுக்கு 300 இதில் சேரவில்லை. அதுவே பிரெட்டுக்கு 3.45. அடுப்பில் ஒரு ஈட்டுக்கு 90 டின்தான் பிடிக்கும், ஆகவே அந்த 40 பிரெட்டும் கடைகளுக்குப் போவதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடைக்கு 34 ரூபாய்க்குப் போடுகிறோம், சராசரியாக 5 ரிட்டன் வருகிறது. 82 பிரெட்டுக்கு 2,788. 87-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 32.05. ரிட்டன் கழித்தும் கடை தருவது இவ்வளவு. 28-க்கு ஒப்புக்கொண்டால் ஹோட்டலுக்குப் போகும் ஒவ்வொரு பிரெட்டிலும் 4 ரூபாயை நாமே விட்டுக்கொடுக்கிறோம்.

அவரிடம் 32 கேள். அச்சில்லாத கவர் போதும் என்றால் 40 காசு குறைத்துக்கொள்ளலாம். அன்றன்றைக்குக் கைக்காசு என்றால் 31 வரை இறங்கு, அதற்குக் கீழே வேண்டாம். வியாழக்கிழமை புது மூட்டை வருகிறது; பில்லை எனக்கு அனுப்பு, முதல் வரியை மாற்றித் தருகிறேன்.

அக்கா