டப்பாவை மூடுங்கள், போய்த் தூங்குங்கள்

திருப்பூர், அவினாசி ரோடு பக்கம் ஒரு ஜிம். இரவு ஏழரை மணி. பிரபு, வயது 34, பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மாஸ்டர் பழனிசாமி அங்கே டிரெயினர்.

மாஸ்டர்: தம்பி, டிரெட்மில்லை நிறுத்துங்கள். நடைதானே நடக்கிறீர்கள், ஓட்டம்கூட இல்லை. இதயத்துடிப்பு 158 காட்டுகிறது. கையை நீட்டுங்கள் பார்ப்போம்.

பிரபு: ஒன்றும் இல்லீங்க மாஸ்டர், கொஞ்சம் நடுங்குகிறது, அவ்வளவுதான். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மாஸ்டர்: சாப்பிடாத கை இப்படி நடுங்காது. என்ன போட்டீர்கள்?

பிரபு: ஃபேட் பர்னர்தான். ஆறு மணிக்கு இரண்டு கேப்சூல். எல்லாரும் போடுவதுதானே மாஸ்டர்.

மாஸ்டர்: எல்லாரையும் விடுங்கள். பையில் இருக்கிறதா? எடுங்கள். உட்காருங்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சில் வலி, மூச்சு அடைப்பு ஏதாவது?

பிரபு: அதெல்லாம் இல்லை. சில நாள் இரவில் படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

மாஸ்டர்: அதை இன்றுதான் சொல்கிறீர்கள். சரி, நாளைக்கே டாக்டரிடம் போய் பி.பி. பார்த்து ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை, நான் டாக்டர் கிடையாது. போகும்போது இந்த டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இப்போது லேபிளைப் படிப்போம். காஃபின் 300 மில்லிகிராம், இரண்டு கேப்சூலுக்கு. கிரீன் டீ சத்து, யோஹிம்பின், கார்சினியா. இவை மூன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடவில்லை, 'பிளெண்ட்' என்று ஒரே கணக்கில் முடித்துவிட்டார்கள். கார்சினியா என்றால் என்ன தெரியுமா?

பிரபு: ஏதோ வெளிநாட்டுப் பழம் என்று கடைக்காரர் சொன்னார்.

மாஸ்டர்: மீன் குழம்புக்குப் போடுகிற குடம்புளி தம்பி. குழம்பில் போட்டால் ருசி. கேப்சூலில் அடைத்தால் கொழுப்பு கரையும் என்பதற்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆதாரம் இல்லை. கிரீன் டீ குடிப்பது வேறு, அதன் சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கி அளவு கூட்டிப் போடுவது வேறு, அதில் ஈரல் பாதித்தவர்கள் உண்டு. யோஹிம்பின் படபடப்பையும் பி.பி.யையும் ஏற்றும், காஃபினோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது மாதிரி ஏதாவது பார்த்தீர்களா?

பிரபு: இல்லீங்க. ஆனால் மாஸ்டர், எனக்கு வேலை செய்ததே. 84 கிலோ இருந்தேன், இப்போது 80.

மாஸ்டர்: இங்கேதான் உங்களைப் பிடிக்க வேண்டும். உங்கள் நோட்டு எங்கே? ம்... ஆரம்பத்தில் பெஞ்ச் பிரஸ் 60 கிலோ, எட்டு ரெப். போன வாரம் 50 கிலோ, ஆறு ரெப், அதிலும் கடைசி இரண்டுக்கு நான் கை கொடுத்திருக்கிறேன். இடுப்பு அப்போது 38 இஞ்ச், இப்போது?

பிரபு: முப்பத்தேழரை இருக்கும்.

மாஸ்டர்: நாலு கிலோ போய் இடுப்பு அரை இஞ்ச்தான் இறங்கியது, தூக்குகிற எடை பத்து கிலோ குறைந்தது. போனதில் கொழுப்பு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். பெரும்பகுதி தண்ணீரும் தசையும்தான் என்பது என் கணக்கு. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?

பிரபு: அமெரிக்கா பையர் கால் பத்தரை வரை ஓடும். படுக்கப் பதினொன்று. தூக்கம் வர ஒன்றரை, இரண்டு ஆகிவிடும், போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். காலை ஆறரைக்குப் பையனை ஸ்கூலுக்குக் கிளப்ப வேண்டும்.

மாஸ்டர்: ஆறு மணிக்கு 300 மில்லிகிராம் உள்ளே போகிறது. காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். பதினொரு மணிக்கு நீங்கள் தலையணையில் தலை வைக்கும்போது 150 உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ஸ்ட்ராங் காபியைக் குடித்துவிட்டுப் படுத்த மாதிரி. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோதே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் ஒரு ஆய்வு வந்தது. தூக்கம் கெட்டதால் மறுநாள் சோர்வு, சோர்வுக்கு மறுபடி கேப்சூல். நீங்கள் 'எனர்ஜி வருகிறது' என்று சொல்வது, ராத்திரி அது பறித்துக்கொண்டதைச் சாயங்காலம் திருப்பித் தருவதுதான்.

பிரபு: சரி, தூக்கம் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம்?

மாஸ்டர்: சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. பத்தே பேர், சின்ன ஆய்வுதான், ஆனால் சுத்தமாகச் செய்தது. அதே ஆட்களுக்கு அதே அளவு சாப்பாடு, ஒரு இரண்டு வாரம் படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு தடவையும் கிட்டத்தட்ட மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான், மீதியெல்லாம் தசை பக்கத்திலிருந்து போனது. உங்கள் நோட்டும் அதைத்தானே சொல்கிறது.

பிரபு: (சிறிது நேரம் நோட்டைப் பார்க்கிறார்) கேப்சூல் போட்டால் பசியும் இல்லை மாஸ்டர், அதுதான் எனக்குப் பிடித்ததே.

மாஸ்டர்: பசி எங்கே போனது? காலையில் சாப்பிடுவதில்லை, மதியம் கொறிப்பு, ராத்திரி கால் முடிந்ததும்?

பிரபு: ...ரோட்டுக்கடை. மூன்று பரோட்டா, சால்னா. சில நாள் ஆஃப்பாயில்.

மாஸ்டர்: அந்த ஆஃப்பாயில் மட்டும்தான் உருப்படி. ஒரு நாளைக்கு உங்களுக்கு 45 கிராம் புரதம் வந்தால் பெரிய விஷயம். 80 கிலோ ஆள், எடை தூக்குகிறீர்கள், இளைக்கவும் வேண்டும் என்றால் கிலோவுக்கு ஒன்றரை கிராம், அதாவது 120 வேண்டும். இந்தக் கேப்சூல் ரொம்ப நல்லபடியாக வேலை செய்தாலும் கூடுதலாக எரிப்பது பரோட்டாவில் ஒரு பாதிக்கு வராது. புரதத்தில் இருக்கிற கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடும், வயிறும் நிறைந்து நிற்கும், தசையும் கரையாது.

பிரபு: எங்கள் அம்மா கொள்ளு ரசம்தான் வைக்கச் சொல்வார், 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று.

மாஸ்டர்: வைக்கச் சொல்லுங்கள். ரசத்தில் தெளிவை மட்டும் குடிக்காமல் பருப்பாகக் கடைந்து சாப்பிட்டால் புரதமும் நார்ச்சத்தும் வரும். எரிக்கிற வேலையெல்லாம் கொள்ளுக்கும் தெரியாது, ஆனால் அம்மா சொல்வது உங்கள் கடைக்காரர் சொன்னதைவிட எவ்வளவோ மேல்.

பிரபு: 120 கிராமுக்கு எங்கே போவது?

மாஸ்டர்: எழுதிக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லியும் மூன்று முட்டையும், மஞ்சள் கருவோடுதான். அது 22 ஆச்சு. மதியம் அளவான சோற்றோடு வெந்த கோழி நெஞ்சுக்கறி 130 கிராம், அதில் ஒரு 40. எண்ணெயில் பொரித்த சில்லி சிக்கனைக் கணக்கில் சேர்க்காதீர்கள், தெரியும் உங்களை. நாலு மணிக்கு ஆபீஸில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கப் சுண்டல். வொர்க்அவுட் முடிந்து வே புரோட்டீன் ஒரு ஸ்கூப். ராத்திரி எட்டரைக்கு, அதாவது பையர் காலுக்கு முன்னாலேயே, இரண்டு தோசையும் 100 கிராம் பன்னீரும், இல்லையென்றால் மீனும், கூட ஒரு கப் தயிர். 120 தொட்டுவிடும்.

பிரபு: புரட்டாசியில்? வீட்டில் முட்டைகூட உள்ளே வராது.

மாஸ்டர்: அந்த ஒரு மாதம் மீல்மேக்கர். காய்ந்தது 50 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, வேகவைத்து நன்றாகப் பிழிந்து குருமாவில் போட்டால் வாசனையும் தெரியாது. பன்னீர், தயிர், கடலை, ஸ்கூப் எல்லாம் இருக்கவே இருக்கிறது.

பிரபு: வே பவுடர் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

மாஸ்டர்: அது பாலிலிருந்து எடுப்பதுதான். கிட்னி நன்றாக இருப்பவருக்கு இந்த அளவில் கெடும் என்று காட்டிய ஆதாரம் இல்லை. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னீர்கள் அல்லவா, எதற்கும் டாக்டரிடம் போகும்போதே கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் டெஸ்டும் சேர்த்துப் பாருங்கள். வினோதமாக இருக்கிறது தம்பி, என்ன இருக்கிறது என்றே தெரியாத கேப்சூலைக் கேள்வி கேட்காமல் விழுங்கினீர்கள், பாலுக்குக் கேள்வி கேட்கிறீர்கள்.

பிரபு: (சிரிக்கிறார்) செலவும் கூடுமே.

மாஸ்டர்: இந்த டப்பா எவ்வளவு?

பிரபு: 2,200. ஒரு மாதத்துக்கு.

மாஸ்டர்: முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது, 300 முட்டை வாங்கலாம். அப்புறம் இன்னொன்றும் சொல்கிறேன், இந்த டப்பா விற்றால் டிரெயினர்களுக்குக் கமிஷன் உண்டு. என்னிடமும் கேட்டார்கள். அதனால் யாராவது டிரெயினர் உங்களிடம் இதை ரொம்பப் புகழ்ந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிரபு: சரிங்க மாஸ்டர், நிறுத்திவிடுகிறேன். ஒரேயடியாகவா, குறைத்துக் குறைத்தா?

மாஸ்டர்: இது இன்றோடு சரி. காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒரு டீ வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் காபி டீ எதுவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் தலை வலிக்கும், எரிச்சல் வரும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். எடை ஒரு கிலோ ஏறினாலும் பதறாதீர்கள், சாப்பாடும் தண்ணீரும் திரும்பி வருகிறது என்று அர்த்தம். டேப்பைப் பாருங்கள், பெஞ்ச் பிரஸ்ஸைப் பாருங்கள், தராசை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

பிரபு: தூக்கத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது? பையர் காலை நான் மாற்ற முடியாது.

மாஸ்டர்: மாற்ற வேண்டாம். பத்தரைக்கு முடிகிறது, பதினொன்றுக்கு விளக்கை அணையுங்கள், போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் போதும். ஆறரை வரை ஏழரை மணி நேரம் கிடைக்கிறது. இங்கே வாரம் ஆறு நாள் வருவதை நாலாக்குங்கள்.

பிரபு: ஃபீஸ் ஆறு நாளுக்குக் கட்டியிருக்கிறேனே!

மாஸ்டர்: கட்டியது கட்டியதுதான், அந்த இரண்டு நாள் வீட்டில் சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள். தூங்காத உடம்பில் ஆறு நாள் போட்டு அடித்துத்தான் பெஞ்ச் 50க்கு வந்திருக்கிறது.

பிரபு: இன்னொரு டப்பா பிரிக்காமல் இருக்கிறது மாஸ்டர். மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுத்துவிடட்டுமா?

மாஸ்டர்: அவருக்கு என்ன வயது?

பிரபு: நாற்பத்திரண்டு. பி.பி.க்கு மாத்திரை போடுகிறார்.

மாஸ்டர்: சாமி, அவருக்குக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு யார் பதில் சொல்வது? கடையில் திருப்பி எடுத்தால் கொடுங்கள், இல்லையென்றால் குப்பையில் போடுங்கள். இந்த மாதிரி சில டப்பாக்களில் லேபிளில் இல்லாத சிபுட்ராமின் கலந்து பிடிபட்டிருக்கிறது, அது பசியை அடக்குகிற மருந்து, இந்தியாவில் 2011லேயே தடை செய்தது. உங்கள் டப்பாவில் இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

பிரபு: புரிகிறது மாஸ்டர். இன்றைக்கு செஸ்ட் டே, இரண்டு செட் மட்டும் போட்டுவிட்டுப் போகட்டுமா?

மாஸ்டர்: துடிப்பைப் பாருங்கள், இன்னும் 110இல் நிற்கிறது. இன்று ஒன்றும் கிடையாது. நாளைக்கு டாக்டர், ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அவர் சரி என்றால் திங்கட்கிழமை 45 கிலோவில் ஆரம்பிப்போம்.

பிரபு: 45ஆ? ஜிம்மில் எல்லாரும் பார்ப்பார்களே.

மாஸ்டர்: பார்க்கட்டும். வண்டியை மெதுவாக ஓட்டிப் போங்கள், வழியில் முட்டை ஒரு டிரே வாங்கிக்கொள்ளுங்கள்.